தொட்டி சுத்தம், பராமரிப்புத் தொகை: குடியிருப்புக் குழுச் செய்தியைத் திருத்தும் முறை

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற ஆண்டு வந்த அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

"அனைவருக்கும் வணக்கம். சென்ற கூட்டத்தில் பேசியபடி மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை வரும் சனிக்கிழமை நடக்கவிருப்பதால் காலையில் தண்ணீர் வராது என்பதால் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு, இதற்கான 350ஐ ஜூன் பராமரிப்புத் தொகை 1500உடன் சேர்த்து 10ஆம் தேதிக்குள் கட்டவும், ஏற்கெனவே கட்டியவர்கள் இதை மட்டும் கட்டினால் போதும்."

இதைப் படித்துவிட்டு, மாதத் தொகை கட்டாத சிலரும் 350 மட்டும் அனுப்பினார்கள். மாதத் தொகையை முன்பே கட்டியிருந்த ஒருவர் மறுபடியும் 1,850 அனுப்பினார். "இதை மட்டும்" என்பதில் உள்ள "இது" எந்தத் தொகை என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

படி 1: வினைச்சொற்களைத் தேடுங்கள். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதாலும், "நடக்கவிருப்பதால்", "வைத்துக்கொண்டு" என்று எச்சங்களை எவ்வளவு வேண்டுமானாலும் கோக்கலாம் என்பதாலும், செய்ய வேண்டிய வேலை வாக்கியத்தின் அடியில் போய்ப் புதைந்துவிடுகிறது. மேற்கண்ட செய்தியில் வாசகர் செய்ய வேண்டியவை இரண்டே: தண்ணீர் பிடிப்பது, பணம் கட்டுவது. ஒவ்வொன்றையும் தனி வரியாக்கி, முன்னால் "செய்ய வேண்டியது:" என்று எழுதிவிட்டால், வினை கடைசியில் நின்றாலும் கண் தவறவிடாது.

படி 2: தேதிகளை உறுதிப்படுத்துங்கள். "வரும் சனி", "நாளை" போன்ற சொற்கள் செய்தி அனுப்பிய நாளோடு கட்டுண்டவை. இரண்டு நாள் கழித்துப் படிப்பவருக்கும், ஃபார்வர்ட் ஆகிப் பெறுபவருக்கும் அவை வேறு நாளைக் காட்டும். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதினால், ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது அதைக் காட்டிக்கொடுக்கும். "10ஆம் தேதிக்குள்" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: பத்தாம் தேதி கட்டினால் ஏற்பார்களா, ஒன்பதாம் தேதியோடு முடிகிறதா? "ஜூன் 10, செவ்வாய் இரவு 8 மணி வரை" என்றால் கேள்விக்கே இடமில்லை. மாதப் பெயரையும் விடக்கூடாது. எல்லைப் பகுதியில் ஆனியும் மலையாள மிதுனமும் ஜூன் நடுவில் பிறப்பதால், வெறுமனே "ஒன்றாம் தேதி" என்றால் பெரியவர்கள் சிலர் அதைத்தான் நினைப்பார்கள்.

படி 3: தொகையை யார் கட்டுவது என்பதோடு பிணையுங்கள். ஒவ்வொரு வகையினருக்கும் ஒரு வரி, அதில் அவர் அனுப்ப வேண்டிய முழுத் தொகை. கூட்டலை வாசகரிடம் விட வேண்டாம். எண்களை எழுத்தால் எழுதாமல் இலக்கத்தால் எழுதுங்கள். எங்கள் குழுவில் தமிழ் நன்றாகப் பேசியும் தமிழ் எழுத்தைப் படிக்காத மலையாளக் குடும்பங்கள் உண்டு, அவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது இலக்கத்தைத்தான்.

படி 4: தடித்த எழுத்தை அளவாக இடுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் நட்சத்திரக்குறி இட்டால் அது தடித்துத் தெரியும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் வேலை செய்யாது. 1500உடன் என்பது போல உருபை ஒட்டி எழுதும் இடங்களில் குறியை எங்கே வைப்பது என்ற குழப்பம் வரும். ஆகவே தொகை உருபில்லாமல் தனித்து நிற்கும்படி வாக்கியத்தை மாற்றிவிடுவதே எளிது. எல்லாவற்றையும் தடித்தால் எதுவும் தடித்ததாகத் தெரியாது.

திருத்திய வடிவம்:

```
*ஜூன் 10 பணம் | ஜூன் 14 தண்ணீர் இல்லை*

தொட்டி சுத்தக் கட்டணம்
கடைசி நேரம்: ஜூன் 10, செவ்வாய் இரவு 8 மணி வரை
ஜூன் பராமரிப்பு கட்டாதவர்கள்: *₹1,850* (1,500 + 350)
கட்டிவிட்டவர்கள்: *₹350*
செய்ய வேண்டியது: பணம் அனுப்பியபின் வீட்டு எண்ணைச் செயலாளருக்குத் தெரிவிக்கவும்

தண்ணீர் நிறுத்தம்
ஜூன் 14, சனி காலை 7 முதல் பகல் 1 வரை
செய்ய வேண்டியது: ஜூன் 13, வெள்ளி இரவே பிடித்து வைக்கவும்
```

வணக்கம் காணாமல் போனது மரியாதைக் குறைவு என்று எங்கள் செயலாளர் முதலில் வருந்தினார். குழுப் பட்டியலில் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும் என்பதால், அந்த இடத்தைத் தேதிக்குக் கொடுத்துவிட்டு வணக்கத்தைக் கடைசி வரிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

படி 5: அனுப்புமுன் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். குறிகள் சரியாக விழுந்தனவா என்பது அங்கே தெரிந்துவிடும். குழுவில் அனுப்பியபின் பிழை கண்டால் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம். ஆனால் திருத்தியதற்குப் புதிய அறிவிப்பு ஒலி எவருக்கும் போகாது. எழுத்துப்பிழைக்கு அது போதும். தொகையோ தேதியோ மாறியிருந்தால், ஏற்கெனவே படித்தவர்கள் பழைய எண்ணையே நம்பியிருப்பார்கள் என்பதால், "திருத்தம்: ₹1,850 அல்ல, ₹1,800" என்று பழையதையும் புதியதையும் ஒரே வரியில் வைத்துத் தனிச் செய்தியாக அனுப்புங்கள்.