சால்டர் செய்த ரேமும் ஒற்றைச் சேனலும்: மெல்லிய லேப்டாப் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகன் இரண்டு லேப்டாப்புகளைத் தேர்ந்தெடுத்து லிங்க் அனுப்பியிருந்தான். இரண்டுமே மெல்லியவை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டிலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒன்றில் ரைசன் 5 7520யு, 16 ஜிபி எல்பிடிடிஆர்5 ரேம். இன்னொன்றில் ரைசன் 5 7530யு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம்.

"மாமா, முதல்ல இருக்குறதுல ரேம் டபுள். அதுவும் புது தலைமுறை ரேம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

கேம் விளையாடுகிற பையன் என்பதால் யோசிக்க நிறையவே இருந்தது. ரேம் என்றாலே எத்தனை ஜிபி என்று மட்டும் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி, மதகு வழியாக எவ்வளவு வெளியே வருகிறது என்பது வேறு கேள்வி. ஜிபி என்பது ஏரியின் கொள்ளளவு. சேனல்தான் மதகு.

ஒரு சேனல் என்றால், சாதாரண டிடிஆர்4 கணக்கில், 64 பிட் அகலமுள்ள பாதை. அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். டிடிஆர்4-3200 ரேம் வினாடிக்கு 320 கோடி தடவை தரவை அனுப்புகிறது. 8 ஆல் பெருக்கினால் வினாடிக்கு 25.6 ஜிபி. இரண்டு சேனல் இருந்தால் 51.2 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் பிராசஸரும், அதற்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸும் இந்த ஒரே பாதையைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் ஜிடிடிஆர்5 வகைக்குத் தனக்கென்று மட்டும் வினாடிக்கு 128 ஜிபி பாதை இருந்தது. 25.6ஐ இருவர் பங்கிட்டால் கேமுக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சால்டர் வேறு, ஒற்றைச் சேனல் வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தவறான லேப்டாப் வீட்டுக்கு வருகிறது. ரேம் சில்லுகள் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருப்பது பிற்பாடு மாற்ற முடியுமா என்பது பற்றியது. எத்தனை சேனல் என்பது இன்றைய வேகம் பற்றியது. ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது.

இதே 7530யு பிராசஸரோடு எல்பிடிடிஆர்4எக்ஸ்-4266 ரேமை 128 பிட் பாதையில் முழுக்க சால்டர் செய்து தரும் லேப்டாப் இருந்தால், அதன் வேகம் வினாடிக்கு 68 ஜிபி. இரண்டு ஸ்லாட்டிலும் டிடிஆர்4-3200 ரேம் குச்சி போட்ட லேப்டாப்பையே அது முந்திவிடும். எதையும் மாற்ற முடியாதுதான், ஆனால் மெதுவானது என்று அதைச் சொல்ல முடியாது. அதற்கு நேர் எதிராக, ஸ்லாட்டில் ஒரே ஒரு 8 ஜிபி குச்சியோடு வரும் தடித்த லேப்டாப் இன்றைக்கு 25.6ல் தவழும், நாளை இன்னொரு குச்சி போட்டால் சரியாகிவிடும். தவிர்க்க வேண்டியது இரண்டு குறையும் ஒன்றாகச் சேரும் இடத்தை: ஒரே சேனல், அதுவும் சால்டர், காலி ஸ்லாட்டும் இல்லை.

மருமகன் பிடித்து வைத்திருந்த 7520யு அப்படிப்பட்டதுதான். பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் இந்த வரிசையில் மூன்றாவது எண் பிராசஸரின் தலைமுறையைச் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3. 7520யு, 7320யு இரண்டிலும் மெமரி பாதையே மொத்தம் 64 பிட்தான். எல்பிடிடிஆர்5-5500 என்பதால் வினாடிக்கு 44 ஜிபி வருகிறது. இந்த வகை லேப்டாப்பில் எல்பிடிடிஆர்5ஐக் குச்சியாகப் போட முடியாது, ஆகவே சால்டர்தான். லேப்டாப் கம்பெனி நினைத்தால்கூட இரண்டாவது சேனலைச் சேர்க்க முடியாது, பிராசஸரிலேயே அது இல்லை. இன்டெலின் என்100, ஐ3-என்305 பிராசஸர்களும் ஒற்றைச் சேனல்தான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 7520யுவின் உள்ளே இருக்கும் ரேடியான் 610எம் கிராஃபிக்ஸில் படத்தைக் கணக்கிடும் பகுதியான கம்ப்யூட் யூனிட் இரண்டே இரண்டுதான். அதற்கு 44 ஜிபி பற்றாக்குறை என்று சொல்ல மாட்டேன், அந்தக் குட்டி கிராஃபிக்ஸுக்கு ஏற்ற குட்டிப் பாதை அது. பாடம் படிக்க, படம் பார்க்கத் தாராளம். 7530யுவில் ஏழு கம்ப்யூட் யூனிட் இருக்கிறது. அங்கேதான் ஒற்றைச் சேனல் உண்மையில் கழுத்தை நெரிக்கும்: ஏழு பேருக்குச் சமைக்க வேண்டிய அடுப்பில் ஒரு சிட்டிகை அரிசி. இரண்டாவது குச்சி போட்டதும் பல கேம்களில் ஃபிரேம் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேலே ஏறுவது இந்த வகை லேப்டாப்பில்தான்.

"டிடிஆர்5ல ஒரு குச்சியே டூயல் சேனல்தான்"

கடையிலும் சொல்வார்கள், யூடியூபிலும் சொல்வார்கள். பாதி உண்மை. டிடிஆர்5 குச்சி ஒவ்வொன்றிலும் இரண்டு துணைச் சேனல்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் 32 பிட்தான். கூட்டினால் அதே பழைய 64. டிடிஆர்5-4800 ஒரு குச்சி 38.4 ஜிபி தரும், இரண்டு குச்சி 76.8 தரும். சேனலின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், மொத்தம் எத்தனை பிட் என்று கேளுங்கள். 64ஆ, 128ஆ?

எங்கே பார்ப்பது

விற்பனைத் தளத்தின் பக்கத்தில் இது பெரும்பாலும் இருக்காது. தயாரிப்பாளரின் விவரத்தாளைத் தேடுங்கள். லெனோவோ மாடல்களுக்கு பிஎஸ்ரெஃப் தளத்தில் `One memory soldered to systemboard, one DDR4 SO-DIMM slot, dual-channel capable` என்பது போல ஒரு வரி இருக்கும். கடைசியில் வரும் `capable` என்ற சொல்லைக் கவனியுங்கள். டூயல் சேனல் ஆகக்கூடியது என்றுதான் பொருள், இப்போது டூயல் சேனலில் வருகிறது என்று இல்லை. எச்பி, டெல் மாடல்களுக்கு சர்வீஸ் கையேட்டின் பிடிஎஃப் கிடைக்கும், அதில் ரேமைக் கழற்றும் பக்கமே இல்லையென்றால் விடை தெரிந்துவிட்டது. பிராசஸர் பக்கத்தில் 64 ஜிபி வரை போடலாம் என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். அது பிராசஸரின் வரம்பு, உங்கள் போர்டில் ஸ்லாட் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

கையில் லேப்டாப் இருந்தால் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து `Memory` பக்கத்தில் `Channel #` என்ற இடத்தைப் பாருங்கள். டிடிஆர்4 என்றால் `Single` அல்லது `Dual`, சில பதிப்புகளில் `1 x 64-bit` அல்லது `2 x 64-bit`. டிடிஆர்5 என்றால் `2 x 32-bit` அல்லது `4 x 32-bit`, முதலாவது ஒற்றை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் சேனலைச் சொல்லாது. சால்டர் செய்த சில்லுகளையும் அது ஸ்லாட் கணக்கில் சேர்த்துக் காட்டலாம், அதனால் அதைப் பார்த்துவிட்டுக் குச்சி வாங்க ஓடாதீர்கள்.

இன்டெல் 11 முதல் 13ஆம் தலைமுறை வரை ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. பெட்டியில் ஐரிஸ் எக்ஸ்இ என்று போட்டிருக்கும், டிவைஸ் மேனேஜரில் `Intel(R) UHD Graphics` என்று தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. உள்ளே சிலிக்கான் அதேதான். மெமரி ஒற்றைச் சேனலில் இருந்தால் இன்டெல் அந்தப் பெயரைத் தருவதில்லை, இரண்டாவது குச்சி போட்டதும் பெயர் தானாக மாறிவிடும்.

குச்சி சேர்க்கும்போது

போர்டில் 8 ஜிபி சால்டர், ஒரு காலி ஸ்லாட். இதில் 8 ஜிபிதான் போட வேண்டும், 16 போட்டால் டூயல் சேனல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். போகாது. 8 + 16 போட்டால் முதல் 16 ஜிபி இரு சேனலில் ஓடும், மீதமுள்ள 8 மட்டும் ஒற்றையில் ஓடும். கேம் பெரும்பாலும் வேகமான பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். போர்டில் 4 ஜிபி மட்டும் உள்ள லேப்டாப்பில் கதை வேறு. 4 + 16 என்றால் 8 ஜிபிதான் இரு சேனல், 12 ஜிபி ஒற்றை. அங்கே கேமின் வேகம் ஏறி இறங்கும்.

வேகம் குறைந்த குச்சி வாங்கினால் சால்டர் செய்த ரேமும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். இதில் ஒரு நுணுக்கம்: 3200 என்று அச்சிட்ட சில குச்சிகள் எக்ஸ்எம்பி என்ற வேகமூட்டும் அமைப்பைப் பயாஸில் இயக்கினால்தான் அந்த வேகத்தைத் தொடும். பெரும்பாலான மெல்லிய லேப்டாப்பின் பயாஸில் அந்த வசதியே கிடையாது. 1.2 வோல்ட், சிஎல்22 என்று போட்ட சாதாரண 3200 குச்சி போதும், பளபளப்பானது வேண்டாம்.

ரேம் போதாமல் திணறுவதையும் பாதை குறுகித் திணறுவதையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. கேமின் ரெசல்யூஷனை 720பிக்குக் குறையுங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் குறை கிராஃபிக்ஸிலோ பாதையிலோ இருக்கிறது. ஏறாமல், அவ்வப்போது படம் உறைந்து, அதே நேரம் டிஸ்க் பயன்பாடு எகிறினால் ரேம் கொள்ளளவு போதவில்லை. இந்த இரண்டாவது நிலையில் பயாஸில் கிராஃபிக்ஸுக்கென்று 4 ஜிபி ஒதுக்கிவிடுவார்கள் சிலர். 8 ஜிபி லேப்டாப்பில் அது தன் தலையில் தானே மண்ணள்ளிப் போடுவது. விண்டோஸுக்கும் கேமுக்கும் சேர்த்து மிஞ்சுவது 4 ஜிபிதான்.

சால்டர் செய்த சில்லுகளையே பெரிதாக மாற்றித் தருகிறேன் என்று ரிச்சி தெருவில் யாராவது சொன்னால், சில்லைப் பெயர்த்து ஒட்டுவது மட்டும் வேலை இல்லை என்று நினைவில் வையுங்கள். எந்தச் சில்லு இருக்கிறது என்பதைப் பயாஸுக்குச் சொல்லும் சிறு ரெசிஸ்டர்களும் போர்டில் இருக்கும், அவற்றையும் சரியாக மாற்ற வேண்டும். தவறினால் போர்டே போய்விடும்.

மருமகன் 7530யு லேப்டாப்பையே வாங்கினான். விவரத்தாளில் காலி ஸ்லாட் இருப்பதைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான். அடுத்த வாரம் 8 ஜிபி குச்சி ஒன்றைப் போட்டுவிட்டுப் பதறிப்போய் போன் செய்தான்: "மாமா, ஸ்கிரீன் வரவே மாட்டேங்குது, எரிச்சுட்டேன் போல!" சார்ஜரைச் செருகிக் கொஞ்ச நேரம் அப்படியே விடச் சொன்னேன். புது ரேமைப் பயாஸ் சோதித்துப் பழக முதல் தடவை நேரம் எடுக்கும், அந்நேரம் திரை இருண்டே இருக்கும். ஒரு நிமிஷம் கழித்து விண்டோஸ் வந்தது. சிபியு-இசட் திறந்து `Dual` என்ற இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவனைப் போனில் பிடிக்க முடியவில்லை.