ஒன்பது எழுத்தில் ஒரு பிழை: டிஎன்ஏ நகலாவதை நோட்டில் எழுதிப் பார்ப்போம்

மதுரை அரசரடியில் ஒரு மாடி அறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். டிஎன்ஏ இரட்டிப்பாதலை நடத்தி முடித்த அன்று, வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவி கேட்டாள்: “சார், தப்பான எழுத்து ஒரு இழையிலதானே விழுது? எதிர் இழையில சரியான எழுத்து அப்படியே இருக்கே. அப்புறம் எப்படி சார் அது சடுதிமாற்றம் ஆகுது?”

நல்ல கேள்வி. பாடத்தில் நகலாக்கம் ஒரு பக்கம், சடுதிமாற்றம் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடப்பதால் நடுவில் இருக்கும் இந்த இடம் விட்டுப்போகிறது. அன்றைக்கு அவளை நோட்டில் எழுதிப் பார்க்க வைத்தேன். அதையே இங்கே தருகிறேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, நீலப் பேனா, சிவப்புப் பேனா, பச்சைப் பேனா இருந்தால் போதும்.

படி 1: மூல இழைகளை எழுதுங்கள்

நீலப் பேனாவால், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, இதை எழுதுங்கள்.

```
5'  C C T G A G G A G  3'
3'  G G A C T C C T C  5'
```

இது நம் ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் ஒரு சிறு துண்டு, நானாக இட்டுக்கட்டியதல்ல. A எதிரே T, G எதிரே C என்பதுதான் விதி. மேலே இருப்பது தெரிந்தால் கீழே இருப்பதை யாரும் எழுதிவிடலாம். நகலாக்கம் முழுவதும் இந்த ஒரு வசதியை நம்பித்தான் நடக்கிறது.

ஓரத்தில் உள்ள 5', 3' இரண்டும் திசைக் குறிகள். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இது படி 3-இல் தேவைப்படும்.

படி 2: பிரியுங்கள்

ஹெலிகேஸ் என்ற நொதி, ஜிப்பைத் திறப்பதுபோல இரண்டு இழைகளையும் பிரித்துக்கொண்டே போகிறது. நோட்டில் நடுவே நாலு கட்டம் இடைவெளி விட்டு, இரண்டு வரிகளையும் தனித்தனியாகத் திரும்ப எழுதுங்கள். நீலத்திலேயே எழுத வேண்டும், ஏனென்றால் இவை பழைய இழைகள்.

செல்லில் இது ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. மனித செல்லில் நகலெடுக்கும் நொதி வினாடிக்குச் சுமார் 50 எழுத்து எழுதும் என்று வைத்துக்கொள்வோம். நம் முதலாம் குரோமோசோமில் கிட்டத்தட்ட 25 கோடி எழுத்து ஜோடிகள் இருக்கின்றன. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போனால் இரண்டு மாதம் ஆகும். ஆனால் செல் இந்த வேலையைச் சுமார் 8 மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் பிரித்து எழுதுவதால்தான் அது முடிகிறது.

படி 3: சிவப்பில் நகல் எழுதுங்கள்

இப்போது ஒவ்வொரு நீல இழைக்கும் எதிரே சிவப்பில் ஜோடி எழுத்துகளை எழுதுங்கள். நீங்கள்தான் டிஎன்ஏ பாலிமரேஸ். அதற்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. வெற்று இடத்தில் அது எழுதத் தொடங்காது, பிரைமேஸ் என்ற இன்னொரு நொதி முதலில் ஒரு சிறு ஆர்என்ஏ துண்டை வைத்துக் கொடுக்க வேண்டும். அப்புறம், புது இழையை 5'-லிருந்து 3' நோக்கி மட்டுமே நீட்டும்.

இந்த இரண்டாவது பிடிவாதத்தால் ஒரு இழையின் நகல் ஒரே ஓட்டமாக வளர்கிறது. மற்றதில், ஜிப் திறக்கத் திறக்க, பின்னோக்கித் துண்டு துண்டாக எழுத வேண்டியிருக்கிறது. அவைதான் ஒகசாகி துண்டுகள். மனித செல்லில் ஒரு துண்டு 100 முதல் 200 எழுத்து நீளம் இருக்கும். ஆர்என்ஏ துண்டுகளை எடுத்துவிட்டு இடைவெளியை நிரப்பியபின் லிகேஸ் அவற்றை ஒட்டுகிறது. ஒட்டும்வரை புது இழையில் வெட்டுகள் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அது பின்னால் பெரிய உதவியாக வரும்.

எழுதி முடித்ததும் பாருங்கள்: இரண்டு ஜோடிகளிலும் ஒரு வரி நீலம், ஒரு வரி சிவப்பு. ஒவ்வொரு நகலிலும் பாதி பழையது. இதை 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் கனமான நைட்ரஜனில் வளர்த்த பாக்டீரியாவை வைத்துக் காட்டினார்கள்.

படி 4: வேண்டுமென்றே ஒரு பிழை செய்யுங்கள்

அடுத்த பக்கத்தில் மறுபடியும் எழுதுங்கள். இம்முறை, GGA CTC CTC என்ற நீல இழைக்கு எதிரே எழுதும்போது, ஐந்தாவது இடத்தில் A-க்குப் பதில் T போடுங்கள்.

```
சிவப்பு  C C T G T G G A G
நீலம்    G G A C T C C T C
```

T எதிரே T. பொருந்தாத ஜோடி. செல்லில் இது ஏன் நடக்கிறது? எழுத்துகள் கல்வெட்டுபோல அசையாமல் இருப்பவை அல்ல. ஒரு ஹைட்ரஜன் அணு கணநேரம் இடம் மாறினால் அந்த எழுத்தின் வடிவமே சற்று மாறி, வேறு எழுத்துடன் கைகோர்த்துவிடும். G எதிரே T வந்து உட்காருவதுதான் இவற்றில் அதிகம் நடப்பது. நாம் எழுதிய T–T அதைவிட அபூர்வம், ஆனால் நடக்கும்.

மதுரையில் 1901-இல் தொடங்கிய நான்காம் தமிழ்ச் சங்கம் ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்த கதை இங்கே பலருக்கும் தெரியும். ஒரே நூலின் இரண்டு ஏடுகள் ஒத்துப்போகாத இடத்தைப் பாடபேதம் என்போம். பெயர்த்தெழுதியவர் கை தவறிய இடம் அது. “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்” என்று பழமொழியே உண்டு. ஆனால் ஏடு எழுதியவரை விடப் பாலிமரேஸ் கெட்டிக்காரர்: எழுதியவுடன் தானே திரும்பிப் பார்க்கும்.

படி 5: பிழைதிருத்தம்

தவறான எழுத்து சரியாகப் பொருந்தாததால் இழையின் முனை கோணிக்கொள்ளும். பாலிமரேஸ் அடுத்த எழுத்தைச் சேர்க்கத் தடுமாறி, ஒரு எட்டு பின்னால் போய், அந்த எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி எழுதும்.

அதையும் தாண்டித் தப்பியவற்றை, நகல் வேலை கடந்துபோன பிறகு இன்னொரு புரதக் கூட்டம் சரிபார்க்கிறது. அதற்கு ஒரு சிக்கல். T–T ஜோடியைப் பார்க்கிறது, சரி. இரண்டில் எந்த T தவறு? நம் நோட்டில் நிறம் இருக்கிறது, செல்லில் இல்லையே. இங்கேதான் அந்த வெட்டுகள் உதவுகின்றன: வெட்டு இருக்கும் இழை புதியது, ஆகவே அதைத்தான் கழற்றித் திருத்த வேண்டும். ஈ.கோலை பாக்டீரியா வேறு வழி வைத்திருக்கிறது. பழைய இழையில் GATC என்று வரும் இடங்களில் மெத்தில் குறி இருக்கும், புது இழையில் அது சற்றுத் தாமதமாகத்தான் ஏறும். இந்தத் திருத்தமுறையை ஆராய்ந்த பால் மோட்ரிச் 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கணக்கையும் போட்டுவிடுவோம். மனித செல் ஒருமுறை பிரிய, இரண்டு புது இழைகளுக்குமாகச் சுமார் 1,280 கோடி எழுத்துகள் எழுத வேண்டும். திரும்பிப் பார்க்காமல் எழுதினால் தோராயமாக லட்சத்துக்கு ஒன்று தவறும், அதாவது ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் பிழைகள். திரும்பிப் பார்த்தால் கோடிக்கு ஒன்று: 1,280 பிழைகள். பின்திருத்தமும் முடிந்தால் 100 கோடிக்கு ஒன்று அல்லது அதைவிடக் குறைவு: பத்துச் சொச்சமோ, ஒன்றிரண்டோதான் மிஞ்சும்.

படி 6: மிஞ்சிய பிழையை மறுபடி நகலெடுங்கள்

மாணவியின் கேள்விக்குப் பதில் இந்தப் படியில்தான் இருக்கிறது. நம் T–T ஜோடி யார் கண்ணிலும் படாமல் தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் அடுத்த முறை பிரியப் போகிறது. இரண்டு இழைகளையும் பிரித்து, பச்சைப் பேனாவால் எதிர் இழைகளை எழுதுங்கள்.

```
சிவப்பு  C C T G T G G A G
பச்சை    G G A C A C C T C

பச்சை    C C T G A G G A G
நீலம்    G G A C T C C T C
```

கீழ் ஜோடி பழையபடி சரியாகிவிட்டது. மேல் ஜோடியைப் பாருங்கள். T எதிரே A. கோணல் இல்லை, தடுமாற்றம் இல்லை, விதிப்படி பொருந்திய ஜோடி. திருத்தும் புரதம் பக்கத்திலேயே வந்தாலும் இதில் குறை சொல்ல அதற்கு எதுவும் இல்லை. முதல் சுற்றில் இது பிழையாக மட்டும் இருந்தது. இரண்டாவது சுற்றில் சடுதிமாற்றம் ஆகிவிட்டது. அவள் சொன்னதுபோல எதிர் இழையில் சரியான எழுத்து இருந்தது உண்மைதான். இரண்டாம் நகலாக்கத்தில் அது வேறு செல்லுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டு சுற்றில் வரும் நான்கு செல்களில் ஒன்றில் மட்டும் மாற்றம் நிலைத்திருக்கும்.

இதனால் திருத்தத்துக்குக் காலக்கெடு உண்டு என்பதும் புரியும். அடுத்த நகலாக்கத்துக்கு முன் பிடிபட வேண்டும். திருத்தும் புரதம் தவறிப்போய் நீல இழையின் T-யை எடுத்துவிட்டு A வைத்தாலோ, இரண்டாவது சுற்றுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், மாற்றம் அங்கேயே நிலைத்துவிடும்.

படி 7: பொருளைப் படியுங்கள்

மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் GAG என்பது குளுட்டாமிக் அமிலம். GTG ஆனால் வேலின். நாம் மாற்றியது பீட்டா சங்கிலியின் ஆறாவது அமினோ அமிலம். குளுட்டாமிக் அமிலம் மின்சுமை கொண்டது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலின் எண்ணெய்த் தன்மையது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இப்படி மாறிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு இழுத்துவிடும். அதுதான் அரிவாள் செல் சோகை. இதே இடத்தில் GAG, GAA ஆகியிருந்தால் அதுவும் குளுட்டாமிக் அமிலம்தான், ஒன்றும் ஆகியிருக்காது.

ஒரு எச்சரிக்கை. இந்த நோய் உள்ள ஒவ்வொருவர் உடம்பிலும் இந்தப் பிழை புதிதாக நடப்பதில்லை. எப்போதோ ஒரு மூதாதையின் இனச்செல் வழியில் நிலைத்துவிட்ட மாற்றம் வழிவழியாக வருகிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பதை 1952-இல் லேமனும் கட்புஷும் கண்டார்கள். தோலிலோ குடலிலோ ஒரு செல்லில் நேரும் பிழை பிள்ளைக்குப் போகாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய நகல் வந்தால்தான் நோய், ஒரு நகல் மட்டும் வந்தவர் பெரும்பாலும் நலமாக இருக்கும் கடத்தி.

படி 8: மாற்றத்தைக் கண்டுபிடியுங்கள்

இதையும் நோட்டிலேயே செய்யலாம். எம்எஸ்டி-2 என்று ஒரு வெட்டும் நொதி இருக்கிறது. CCTNAGG என்ற வரிசையைக் கண்டால் வெட்டும் (N இருக்கும் இடத்தில் எந்த எழுத்தும் வரலாம்). உங்கள் முதல் பக்கத்தில் மேல் வரியின் முதல் ஏழு எழுத்தைப் பாருங்கள்: CCTGAGG. வெட்டும். மாறிய வரியில் CCTGTGG. A இருக்க வேண்டிய இடத்தில் T, அதனால் வெட்டாது.

ஆய்வகத்தில் இந்த மரபணுப் பகுதியை அந்த நொதியால் வெட்டி, துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓடவிட்டால், இயல்பான நகல் சுமார் 1,150, 200 எழுத்து நீளமுள்ள இரண்டு துண்டுகளாக வரும். மாறிய நகல் வெட்டுப்படாமல் 1,350-இல் நிற்கும். கடத்தி ஒருவரின் ரத்தத்தை வைத்தால் எத்தனை பட்டைகள் தெரியும் என்று அந்த மாணவியிடம் கேட்டேன். நோட்டைப் பார்த்துவிட்டு, “மூணும் தெரியும் சார்” என்றாள்.