நெல் வயலில் ஜிங்க் குறை: மண் எடுப்பது முதல் உரம் போடுவது வரை

நட்டு இரண்டு மூன்று வாரத்தில் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கம் வெளிறும், கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளி விழும். யூரியா போட்டும் பயிர் தேறாவிட்டால் ஜிங்க் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். களர் கலந்த மண்ணில், தண்ணீர் தேங்கியே கிடக்கும் வயலில் இது அடிக்கடி வரும். மண்ணில் ஜிங்க் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காத நிலை அது.

முதலில் மண் எடுப்பது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நாம் அளக்கப் போவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது பிபிஎம் அளவு. நாகம் பூசிய தகர வாளியில் மண்ணைக் கலந்தால் வாளியில் உள்ள ஜிங்க்கே மண்ணில் ஏறி, குறை இல்லை என்று அறிக்கை வரும். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். மண்வெட்டியால் 'வி' வடிவில் 15 செ.மீ. வெட்டி, இரும்பு பட்ட பரப்பை மூங்கில் பட்டையால் வழித்துத் தள்ளிவிட்டு, அதே பட்டையால் மண்ணைச் சுரண்டி எடுங்கள். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, அரை கிலோ நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் போதும். நுண்ணூட்டமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் ஒரு ஏக்கர் வயலுக்கு வந்த அறிக்கை: கார அமில நிலை 8.3, ஜிங்க் 0.7 பிபிஎம், போரான் 0.8 பிபிஎம். தமிழ்நாட்டு மண்ணுக்கு ஜிங்க் 1.2-க்குக் கீழே என்றால் குறைதான். போரானுக்கு எல்லை கிட்டத்தட்ட 0.5, அதனால் அதைத் தொடவில்லை. போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சாவதற்கும் இடைவெளி மிகக் குறைவு. 'எதற்கும் இருக்கட்டும்' என்று நுண்ணூட்டக் கலவையை அள்ளிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. எது குறைவோ அதை மட்டும் தனியாக வாங்குங்கள்.

ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, கடைசி உழவும் பரம்பும் முடிந்த பிறகு, நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவினோம். சேற்றுக்குள் ஆழமாக மிதித்துவிடக் கூடாது. டிஏபி, சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்கவே கூடாது. மணிச்சத்தோடு சேர்ந்தால் ஜிங்க் கரையாத உப்பாகிவிடும். ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தாள் மடக்கி உழுதிருந்தால் 5 கிலோவே போதும்.

நட்ட பிறகுதான் குறை தெரிந்தது என்றால், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து தெளித்து, 15 நாள் இடைவெளியில் புது இலை தெளியும் வரை தொடருங்கள்.

பின்சேர்க்கை: கடையில் 33 சதவீதம் என்று எழுதிய பை கிடைத்ததாகச் சிலர் கேட்டிருந்தார்கள். மேலே சொன்ன 10 கிலோ, 21 சதவீத ஜிங்க் உள்ள சரக்குக்கு, அதாவது 2.1 கிலோ ஜிங்க். 33 சதவீதப் பையில் சுமார் ஆறரை கிலோ எடுத்தால் அதே அளவு வந்துவிடும். தெளிப்புக்கும் அப்படியே, 50 கிராமுக்குப் பதில் 32 கிராம்.