உதடு மூடும் இடத்தில் சிக்கிய வசனம்

ஆங்கிலக் குறும்படம் ஒன்றுக்குத் தமிழ் வசனம் எழுதினேன். அண்ணன் தம்பியிடம் கெஞ்சும் குளோசப் காட்சி. மூலத்தில் "ப்ளீஸ், பிலீவ் மீ". சுமார் ஒன்றரை விநாடி. நான் எழுதியது, "தயவுசெஞ்சு என்னை நம்புடா தம்பி". தாளில் நன்றாகத்தான் இருந்தது. ஒலிப்பதிவில் டப்பிங் கலைஞர் மூச்சு வாங்கினார். அவர் முடிக்கும் முன்பே திரையில் வாய் மூடிவிட்டது.

ஓர் உயிரொலிக்கு ஒரு தட்டு என்று மேசையில் தட்டி எண்ணிப் பார்த்தேன். மூலத்துக்கு நான்கு தட்டு, எனக்குப் பன்னிரண்டு!

அப்புறம் ஒலியை அணைத்துவிட்டு வாயை மட்டும் கவனித்தேன். உதடு மூன்று முறை ஒட்டுகிறது: 'ப்ளீ'யில், 'பி'யில், 'மீ'யில். முடியும்போது பக்கவாட்டில் விரிகிறது. தமிழில் உதடு ஒட்டுவது ப, ம இரண்டுக்கும்தான். அந்த மூன்று இடத்திலும் இவற்றில் ஒன்று வர வேண்டும், கடைசி ஒலி இகரமாக இருக்க வேண்டும்.

"ப்ளீஸ், பொய்யில்ல தம்பி."

ஆறு தட்டு. கொஞ்சம் வேகமாகச் சொன்னால் அடங்கிவிடும். 'ப்ளீஸ்' நாமும் சொல்வதுதானே, அதை ஏன் மாற்றினேனோ! 'நம்பு' போய்விட்டது, கெஞ்சல் போகவில்லை. 'லீவ்' என்பதில் கீழுதடு பல்லைத் தொடுவதை விட்டுவிட்டேன். அது யார் கண்ணிலும் படவில்லை.

எல்லா ஷாட்டுக்கும் இந்தப் பாடு வேண்டாம். தூரத்து ஷாட்டில் தொடக்கம், இடைநிறுத்தம், முடிவு பொருந்தினால் போதும். முதுகு காட்டிப் பேசினால் நீளமான வசனத்தை அங்கே தள்ளிவிடுகிறேன்.