அடியில் ஒழுகும் பிளெண்டர்: வாஷர் வாங்க ஓடுவதற்கு முன்

போன மாதம் ஈசூனில் இருக்கும் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை மேடையில் பிளெண்டருக்கு அடியில் ஒரு பழைய துண்டு விரித்திருந்தது, அதில் உளுந்து மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. "தம்பி, இது மூணாவது வாஷர். இன்னும் ஒழுகுது" என்றார். இழுப்பறையைத் திறந்து மற்ற இரண்டையும் எடுத்துக் காட்டினார். இரண்டும் நல்ல வாஷர்கள்தான்.

அண்ணி செய்ததைத்தான் பலரும் செய்கிறோம். அடியில் ஈரம் கண்டதும் வாஷர் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அந்த ஈரம் மூன்று வழிகளில் வரலாம். ஜாடியும் பிளேடு பகுதியும் சேரும் விளிம்பில் கசியலாம், அங்கே இருப்பதுதான் நாம் வாஷர் என்று சொல்லும் ரப்பர் அல்லது சிலிக்கான் வளையம். பிளேடைச் சுழற்றும் தண்டு அடிப்பகுதியைத் துளைத்து வரும் நடுத்துளையில் கசியலாம். அங்கே தண்டைத் தாங்கிப் பிடிக்கும் உலோக புஷ்ஷும் கண்ணில் படாத சின்ன ரப்பர் சீலும் இருக்கின்றன. மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பு வரும்: மூடி ஓரமாக வழிந்தது ஜாடியின் வெளிப்பக்கமாக இறங்கி, அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்கு வாஷர் மாற்றி என்ன பயன்?

எது என்று கண்டுபிடிக்க டிஷ்யூ போதும். ஜாடியை நன்றாகத் துடைத்துவிட்டு, மோட்டார்மேல் வைக்காமல், பாதி அளவு தண்ணீர் ஊற்றி, மேடையில் விரித்த காய்ந்த டிஷ்யூமேல் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். டிஷ்யூவில் வட்டமாகவோ ஓரத்திலோ ஈரம் பட்டிருந்தால் விளிம்பு வளையம். நடுவில் பட்டிருந்தால் தண்டு. காய்ந்தே இருந்தால் அதே தண்ணீரோடு மோட்டார்மேல் வைத்து அரை நிமிடம் ஓட்டுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஜாடியைத் தூக்கி, அடியில் மோட்டாரோடு இணையும் கப்ளரைச் சுற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். நிற்கும்போது கசியாமல் சுழலும்போது மட்டும் நடுவில் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்துவிட்டது.

அண்ணியின் ஜாடியில் டிஷ்யூ காய்ந்தே இருந்தது. ஓட்டிப் பார்த்ததும் நடுவில் ஈரம், அதில் கறுப்பாக ஒரு கறை. பிளேடு பகுதியைக் கழற்றி, கீழே உள்ள கப்ளரைப் பிடித்துத் திருப்பினேன். மணல் அரைபடுவது போல இருந்தது. பக்கவாட்டில் அசைத்தால் தண்டு ஆடியது. நல்ல நிலையில் இருந்தால் அப்படி ஆடாது. மூன்று வாஷர் போட்டும் நிற்காததற்குக் காரணம் இதுதான். கறுப்பாக வருவது புஷ்ஷில் இருக்கும் மசகும் தேய்ந்த உலோகமும் கலந்தது. அது கீழே கசிகிறதென்றால் மேலே மாவிலும் கலந்திருக்கலாம், அந்த மாவைக் கொட்டிவிடுவதே நல்லது.

ஏன் தேய்ந்தது? "ஒரு தடவைக்கு எவ்வளவு போடுவீங்க அண்ணி?" என்று கேட்டேன். ஒன்றரை லிட்டர் ஜாடி. இரண்டு கப் உளுந்தை ஊறவைத்து, மொத்தத்தையும் ஒரே தடவையில் போட்டு, மாவு நீர்த்துவிடக் கூடாதென்று தண்ணீரைக் கையில் தெளிக்கிற மாதிரி ஊற்றுவாராம். பிளெண்டர் பழச்சாறு மாதிரி ஓடுகிற பொருளுக்குச் செய்தது. கெட்டி மாவு சுழலாது. பிளேடைச் சுற்றி ஒரு குழி விழுந்து, மேலே உள்ளது அப்படியே நிற்கும். நாம் விடாமல் பட்டனை அழுத்துவோம். சுமை முழுக்கத் தண்டில் ஏறும், புஷ் சூடாகும், சூட்டில் மசகு உருகி ஓடும், சீல் இறுகிவிடும். ஜாடியின் அடிப்பகுதியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதும், லேசாக ரப்பர் வாசம் வருவதும் இதன் அடையாளங்கள். 'மேக்ஸ்' கோட்டுக்குக் கீழேதானே போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் கோடு தண்ணீர் போன்றவற்றுக்கு. கெட்டி மாவுக்குப் பாதி ஜாடியே அதிகம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அரைத்து முடித்ததும் பிளேடு பகுதியை சிங்க்கில் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க ஊறவிடுவார். மாவு காய்ந்து ஒட்டாமல் இருக்குமாம். ஆனால் தண்ணீர் கீழிருந்து புஷ்ஷுக்குள் ஏறி, மிச்ச மசகையும் கழுவிவிடும். ஜாடிக்குள் இரண்டு கப் வெந்நீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு இருபது விநாடி ஓட்டினால் போதும், வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடுதான். கொதிக்கக் கொதிக்க ரசத்தையோ சூப்பையோ போட்டு அரைப்பதும் இதே கதைதான்: நீராவி உள்ளே அழுத்தி மூடியைத் தள்ளும், சூடு வளையத்தைக் கெடுக்கும்.

சரி, உங்கள் டிஷ்யூவில் வட்டமாக ஈரம் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலில் வாஷரைக் குறை சொல்லாதீர்கள், மாட்டிய விதத்தைப் பாருங்கள். ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துங்கள். அடியைத் திருகிக் கழற்றும் மாடல்களில் பெரும்பாலும் முதலில் வளையம், அதன்மேல் பிளேடு பகுதி, அதன்மேல் திருகு வளையம் என்ற வரிசையில் வரும். அதாவது வளையம் ஜாடியின் வாய்க்கும் பிளேடின் தட்டுக்கும் நடுவில் சிக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் அதைப் பிளேடு பகுதிக்கும் திருகு வளையத்துக்கும் நடுவில் போட்டுவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். திருகும்போது முதலில் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சுற்றுங்கள். மரை 'டக்' என்று உட்காரும், அப்புறம் இறுக்குங்கள். கை இறுக்கமே போதும். ஸ்பேனர் பிடித்து முறுக்கினால் வளையம் ஒரு பக்கம் பிதுங்கி, மறு பக்கம் இடைவெளி விழும், பிளாஸ்டிக் மரையும் வெடிக்கலாம்.

மோட்டாரிலிருந்து ஜாடியை எடுக்கும்போது முறுக்கி எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். சில மாடல்களில் ஜாடி திரும்பும், அடியில் உள்ள திருகு வளையம் மோட்டாரிலேயே சிக்கி நின்று தளர்ந்துவிடும். நேராகத் தூக்குங்கள்.

மாட்டியது சரி, இன்னும் ஓரத்தில் ஒழுகுகிறது என்றால் இப்போது வாஷரைப் பார்க்கலாம். இரண்டாக மடித்தால் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா? மேசைமேல் வைத்தால் சமமாகப் படிகிறதா, அலை அலையாக நிற்கிறதா? ஓரிடத்தில் மட்டும் நசுங்கி மெலிந்திருக்கிறதா? நம் ஊர் ஈரப்பதத்தில் கழுவியதும் ஈரத்தோடே மாட்டி வைத்தால் பள்ளத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும், அதையும் கழற்றிக் காயவைத்துத்தான் தடுக்க முடியும். புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டம் மட்டும் பார்த்தால் போதாது, தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் சும்மா இருக்கட்டும் என்று வாங்கிய வளையம் ஒரு மில்லிமீட்டர் தடித்தாலே மரை முழுதாக இறங்காது. சிலிக்கான் பசை, டேப் என்றெல்லாம் உணவு படும் இடத்தில் ஒட்டாதீர்கள்.

கைப்பிளெண்டருக்கும் இதே தண்டு சீல்தான். அரைத்தபின் கம்பியைத் தலைகீழாக நிறுத்தினால் மேல் இணைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் சீல் போய்விட்டது. கம்பி மோட்டாரோடு சேரும் மூட்டு மூழ்கும் அளவுக்குப் பாத்திரத்தில் இறக்குவது வேண்டாம்.

வாங்கிய சில நாளிலேயே கசிந்தால், சரியாக மாட்டியிருக்கிறீர்கள் என்று உறுதிசெய்துகொண்டு விற்ற கடையிடம் கேளுங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான 'லெமன் லா' சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். பயன்படுத்தித் தேய்ந்ததற்கும் தவறாகப் பயன்படுத்தியதற்கும் அது பொருந்தாது.

அண்ணியின் பிளேடு பகுதி உள்ளே அழுத்திப் பொருத்தியது, சீலை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. முழுப் பகுதியையும் புதிதாக வாங்கிப் போட்டோம். இப்போது இரண்டு கப் உளுந்தை மூன்று தடவையாக, குளிர்ந்த தண்ணீர் முதலிலேயே விட்டு, அரை நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி அரைக்கிறார். நேரமாகிறது என்று முனகல்தான். துண்டு மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் அடியில் கிடக்கிறது.