குளிர்நீர் பில்லுக்கு வெப்ப ஆற்றல் மீட்டர்: முதலில் நேர்க்குழாயை அளந்துகொள்ளுங்கள்

சென்னையில் நான் பராமரிப்பைக் கவனிக்கும் அலுவலகக் கட்டடத்தில், ஒரு தளத்து வாடகைதாரர் தமக்கு ஏ.சி.க்கான குளிர்நீர் பில் கூடுதலாக வருகிறது என்று மூன்று மாதம் தொடர்ந்து எழுதினார். அவர் சொன்னது சரிதான் என்பது பிறகு தெரிந்தது. மீட்டர் நல்ல நிலையில் இருந்தும், பொருத்திய இடம் தவறானதால் சுமார் 8 விழுக்காடு கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தபோது கற்றதை, புதிதாக மீட்டர் வாங்கப்போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: உண்மையான ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

எங்கள் வாடகைதாரரின் ஒப்பந்தக் குளிரூட்டும் திறன் 60 டன். குளிர்நீர் 7 டிகிரியில் போய் 12.5 டிகிரியில் திரும்புகிறது; வேறுபாடு 5.5 டிகிரி.

```
60 TR × 3.517 = 211 kW
211 / (4.19 × 5.5) = 9.16 kg/s ≈ 33 m³/h
```

இது முழுச் சுமைக்கான ஓட்டம். இரவில் சர்வர் அறை மட்டும் ஓடும்போது அதே குழாயில் மணிக்கு 3 கன மீட்டர்தான் போகிறது. பில் இரண்டு நேரத்துக்கும் போடப்படுவதால், மீட்டர் இந்த இரு எல்லைகளிலும் சரியாக அளக்க வேண்டும்.

படி 2: குழாயின் அளவைப் பார்த்து மீட்டர் வாங்காதீர்கள்

வெப்ப ஆற்றல் மீட்டர்களுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 1434, இரண்டாம் வகுப்பு ஓட்ட உணரிக்கு அனுமதிக்கும் பிழையை விழுக்காட்டில் இப்படிச் சொல்கிறது:

```
Ef = ±(2 + 0.02 × qp / q), max ±5
```

இதில் `qp` என்பது மீட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள நிலையான ஓட்டம். `q` அந்த நேரத்து ஓட்டம். இரவின் 3 கன மீட்டரை வைத்துக் கணக்கிட்டால், `qp` 150 உள்ள பெரிய மீட்டருக்கு 3 விழுக்காடு வரை பிழை அனுமதி உண்டு. `qp` 40 உள்ள 80 மி.மீ. மீட்டருக்கு அது சுமார் 2.3 விழுக்காடாகக் குறைகிறது. எனவே 33 கன மீட்டரைத் தாராளமாகத் தாங்கும் மீட்டர்களில் மிகச் சிறியதையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எதிர்கால விரிவாக்கத்துக்கென்று பெரிய மீட்டர் வாங்கிவைப்பதை நான் ஏற்பதில்லை.

போகும் நீரிலும் திரும்பும் நீரிலும் வைக்கும் வெப்பநிலை உணரிகளின் இணை ஒன்றுக்கும் இதே போன்ற வரம்பு உண்டு. குறைந்தபட்ச வேறுபாடு 3 டிகிரி என்று குறிப்பிட்ட இணை, நீரின் வேறுபாடு 3 டிகிரிக்கு இறங்கும்போது 3.5 விழுக்காடு வரை பிழை காட்டலாம். 2 டிகிரி என்று குறிப்பிட்ட இணைக்கு அதே நேரத்தில் 2.5 விழுக்காடுதான். குளிர்நீருக்கு இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். வெப்பத்தை மட்டும் பதிவு செய்யும் மீட்டரைத் தவறுதலாக வாங்கிவிட்டால் குளிர்நீரில் எண் நகரவே நகராது. குளிரூட்டல் பதிவேடு இருக்கிறதா என்று ஆர்டருக்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 3: நேர்க்குழாய் நீளம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். எல்போ ஒன்றைத் தாண்டி வரும் நீர் குழாயின் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓடுகிறது. ஒன்று பக்கவாட்டிலும் மற்றது மேல்நோக்கியுமாகத் திரும்பும் இரண்டு எல்போக்கள் அடுத்தடுத்து இருந்தால், நீர் திருகுபோலச் சுழன்றபடியே நெடுந்தூரம் போகும். ஓட்ட உணரியின் துல்லியம் சீரான ஓட்டத்தில் சோதித்துத் தரப்பட்டது. சுழலும் நீரில் அந்த உறுதி செல்லாது.

தேவையான நீளத்தைக் குழாயின் உள்விட்டத்தின் மடங்காகச் சொல்வார்கள். மின்காந்த மீட்டருக்குப் பெரும்பாலும் முன்னால் 5 விட்டம், பின்னால் 2 அல்லது 3 விட்டம் கேட்பார்கள். குழாயின் வெளியே கட்டும் கிளாம்ப்-ஆன் அல்ட்ராசோனிக் மீட்டருக்கு ஓர் எல்போவுக்குப் பிறகு குறைந்தது 10 விட்டமும், இரட்டை எல்போவுக்குப் பிறகு 20 விட்டமோ அதற்கு மேலோ வேண்டும். சில மின்காந்த மீட்டர்களில் இந்த நீளத்தை ஃபிளாஞ்சிலிருந்து அளக்க வேண்டும், சிலவற்றில் உள்ளே இருக்கும் மின்முனைகளிலிருந்து. கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

எங்கள் ஷாஃப்டில் 100 மி.மீ. போக்குக் குழாயில் இரண்டு எல்போக்களைத் தாண்டி 40 செ.மீ. தூரத்தில், அதாவது வெறும் 4 விட்டத்தில், கிளாம்ப்-ஆன் மீட்டர் கட்டப்பட்டிருந்தது. சந்தேகம் வந்ததும் வால்வுகளையும் பம்ப் வேகத்தையும் மாற்றாமல், உணரிகளை அதே இடத்தில் குழாயைச் சுற்றி நகர்த்திப் பார்த்தேன். முதலில் 33.5 காட்டியது, 45 டிகிரி திருப்பியதும் 31.8 ஆனது, 90 டிகிரியில் 29.6 வரை இறங்கியது. ஓட்டம் சீராக இருந்தால் எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வர வேண்டும். பிறகு அதே வாடகைதாரரின் திரும்பு குழாயில், எல்போவுக்குப் பின் 2.5 மீட்டர் நேராக ஓடும் பகுதியில் கட்டிப் பார்த்தபோது எல்லாக் கோணங்களிலும் 31-ஐ ஒட்டியே நின்றது.

தீர்வும் அங்கேயே கிடைத்தது. மூடிய சுற்றில் போகும் நீரும் திரும்பும் நீரும் ஒரே அளவுதான். ஆகவே ஓட்ட உணரி போக்குக் குழாயில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அது எந்தக் குழாயில் இருக்கிறது என்பதை, ஓட்டத்தையும் வெப்பநிலை வேறுபாட்டையும் சேர்த்து ஆற்றலைக் கணக்கிடும் கணிப்பானுக்குச் சொல்லியாக வேண்டும். பல மீட்டர்களில் இதை ஆர்டர் செய்யும்போதே குறிப்பிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

படி 4: எந்த வகையை வாங்குவது

பில்லுக்கு கிளாம்ப்-ஆன் மீட்டரை நிரந்தரமாக வைப்பதை நான் இனி ஒப்புக்கொள்ள மாட்டேன். சோதிப்பதற்கு அது அருமையான கருவி, அவ்வளவே. நாங்கள் திரும்பு குழாயில் 80 மி.மீ. மின்காந்த மீட்டரைப் பொருத்தினோம். குழாயை 100-இலிருந்து 80-க்குக் குறைத்ததில் இரண்டு நன்மைகள் கிடைத்தன: விட்டம் சிறிதானதால் 5 விட்டம் என்பது 40 செ.மீ.-க்குள் அடங்கியது, நீரின் வேகமும் நொடிக்கு 1.1 மீட்டரிலிருந்து 1.7 மீட்டராக உயர்ந்தது. ரெட்யூசர் மைய அச்சு மாறாததாகவும் சரிவு குறைந்ததாகவும் இருக்க வேண்டும்.

பொருத்தும் நாளில் ஒரு சிறு பொருளைக் கவனியுங்கள். எங்கள் ஃபிட்டர் ரப்பர் ஷீட்டிலிருந்து கையால் வெட்டிய கேஸ்கெட்டின் உள்விளிம்பு, குழாய்க்குள் அரை செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. மீட்டரின் வாயிலேயே இப்படி ஒரு விளிம்பு இருந்தால், முன்னால் விட்ட நேர்க்குழாய் முழுவதும் வீணாகிவிடும். அதைக் கழற்றி, மீட்டரின் துளையளவுக்குச் சரியான கேஸ்கெட்டைப் போடச் சொன்னேன். வெப்பநிலை உணரியின் தெர்மோவெல்லையும் பிரஷர் கேஜையும் மீட்டருக்குப் பின்னால் வையுங்கள். கணிப்பானைச் சுவரில் மாட்டுங்கள். குளிர்ந்த குழாயின் மேல் இருந்தால் வியர்வை நீர் உள்ளே இறங்கிவிடும்.

பின்சேர்க்கை: 10 விட்டம் விட்டும் எண் நிலையில்லாமல் ஆடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால், மீட்டருக்கு முன்னால் இருந்த பட்டர்ஃப்ளை வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். பாதி மூடிய வால்வு எல்போவைவிட மோசமாக ஓட்டத்தைக் குலைக்கும். அதற்கு 30 விட்டம் வரைகூடக் கேட்கும் கையேடுகள் உண்டு. முன்னால் உள்ள வால்வை முழுவதும் திறந்துவிட்டு, ஓட்டத்தைக் குறைக்கும் வேலையை மீட்டருக்குப் பின்னால் உள்ள பேலன்சிங் வால்விடம் கொடுக்கச் சொன்னேன். அன்று மாலையே எண் நிலைத்து நின்றதாகப் பதில் வந்தது.