நிஃப்டி 460 புள்ளி விழுந்தா 50 கம்பெனியும் விழுந்துச்சுன்னு அர்த்தமில்ல: இண்டெக்ஸ் பாக்கும்போது பண்ற தப்புகள்

எங்க அத்தான் மார்த்தாண்டத்துல ரப்பர் ஷீட் எடுத்து விக்குறவரு. ஷீட் விலைய தெனமும் பாத்து பாத்து பழகுன ஆளு, ஷேர் மார்க்கெட்டையும் அதே மாதிரிதான் பாப்பாரு. 2024 ஜனவரி 17 அன்னைக்கு சாயங்காலம் போன் பண்ணி, "மாப்ள, மார்க்கெட் மொத்தமா சரிஞ்சு போச்சு கேட்டியா, நாளைக்கு காலையிலயே எல்லாத்தையும் வித்திரப் போறேன்"னாரு. 50 பெரிய கம்பெனியோட பங்குகள வச்சு மார்க்கெட் போக்க காட்டுற இண்டெக்ஸ்தான் நிஃப்டி, அது அன்னைக்கு 460 புள்ளி விழுந்திருந்துச்சு, அதாவது 2 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. ஆனா அவரு கையில வச்சிருந்த ஆறு பங்குல ஒண்ணுகூட பேங்க் இல்ல, அந்த ஆறும் சேந்து அர சதவீதம்கூட இறங்கல. அத அவரு பாக்கவே இல்ல, டிவில ஓடுன அந்த 460-ஐ மட்டும்தான் பாத்திருக்காரு.

இங்கதான் முதல் தப்பு. நிஃப்டில 50 கம்பெனி இருக்குன்னதும், 50 பேரோட மார்க்க கூட்டி 50-ஆல வகுத்த சராசரி மாதிரி நெனச்சுக்கிடுறோம். அப்படி இல்ல. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வெயிட் உண்டு, பெரிய கம்பெனிக்கு பெரிய வெயிட். அன்னைக்கு எச்டிஎஃப்சி பேங்கோட வெயிட் மட்டும் 13 சதவீதத்துக்கு பக்கம். முந்தின நாள் சாயங்காலம் அவங்க காலாண்டு ரிசல்ட் வந்துச்சு, மார்க்கெட்டுக்கு பிடிக்கல, மறுநாள் அந்த ஒரு பங்கு 8.5 சதவீதம் போல விழுந்துச்சு.

கணக்கு ரொம்ப சிம்பிள். வெயிட்ட அந்த பங்கோட மாற்றத்தால பெருக்குனா போதும். 13 சதவீதத்துல 8.5 சதவீதம்னா 1.1 சதவீதம். முந்தின நாள் நிஃப்டி முடிஞ்சது சுமார் 22,030-ல, அதுல 1.1 சதவீதம்னா ஏறக்குறைய 240 புள்ளி. அதாவது 460-ல பாதிக்கு மேல ஒரே ஒரு கம்பெனியோட வேல. மிச்சத்துலயும் நிறைய மத்த பேங்குகளால வந்தது, ஐடி பங்குகள் சிலது அன்னைக்கு ஏறக்கூட செஞ்சுது. இதே 8.5 சதவீத வீழ்ச்சி அர சதவீதம் வெயிட் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்கு வந்திருந்தா நிஃப்டி அசையுறது 9 புள்ளிதான், அத யாரும் செய்தியா சொல்லவே மாட்டாங்க. 50 கம்பெனிக்கும் சரிசமமா 2 சதவீதம் குடுத்திருந்தா (அப்படியே ஈக்குவல் வெயிட்னு தனி இண்டெக்ஸும் இருக்கு) எச்டிஎஃப்சி பேங்க் அன்னைக்கு இழுத்திருக்கக் கூடியது 37 புள்ளி போலதான்.

சரி, இந்த வெயிட் எங்கருந்து வருது? ரெண்டாவது தப்பு அங்க இருக்கு. பங்கு விலை பெருசா இருந்தா வெயிட் பெருசுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேரு நெனைக்காங்க. எம்ஆர்எஃப் பங்கு 2023 ஜூன்ல ஒரு லட்சம் ரூபாயத் தொட்டுச்சு, ஆனா அது நிஃப்டி 50-லயே இல்ல. ஒரு பங்கோட விலைய மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, விலைய மொத்த பங்குகளோட எண்ணிக்கையால பெருக்கணும், அதுதான் மார்க்கெட் கேப். அதனாலதான் ஒரு பங்க அஞ்சா பிரிச்சு விலை அஞ்சுல ஒண்ணா ஆனாலும் நிஃப்டி அசையாது, எண்ணிக்கை அஞ்சு மடங்கு ஆயிருமே. அமெரிக்காவுல டோ ஜோன்ஸ் மட்டும் விலைய வச்சே வெயிட் குடுக்கும், 2020-ல ஆப்பிள் பங்க நாலா பிரிச்சப்ப அதுல ஆப்பிளோட செல்வாக்கு சட்டுனு குறைஞ்சுது. அத வச்சு நிஃப்டிய புரிஞ்சுக்க பாத்தா குழப்பம்தான் மிஞ்சும்.

மூணாவது தப்பு கொஞ்சம் நுணுக்கமானது, படிச்சவங்களே இங்க சறுக்குறாங்க. மார்க்கெட் கேப்ப முழுசா எடுத்துக்க மாட்டாங்க. ப்ரமோட்டர்னு சொல்ற ஓனர், அரசாங்கம் மாதிரி விக்காம வச்சிருக்கவங்க பங்க கழிச்சுட்டு, சந்தையில கைமாறக் கூடியத மட்டும்தான் எண்ணுவாங்க, அதுக்கு ஃப்ரீ ஃப்ளோட்னு பேரு. அத்தானுக்கு நான் தேங்காய வச்சுத்தான் சொன்னேன். ஒரு தோப்புல ஆயிரம் காய் வெட்டுனாலும் வீட்டுக்காரங்க 900-த்த எண்ணெய்க்கு எடுத்து வச்சுட்டா வடசேரி சந்தைக்கு வர்றது 100 தான், சந்தைக்கு அந்த 100 தான கணக்கு. எல்ஐசி 2022 மே மாசம் லிஸ்ட் ஆச்சு, அரசாங்கம் வித்தது 3.5 சதவீதம் மட்டும். ஒரு பேச்சுக்கு அதோட மதிப்பு 6 லட்சம் கோடின்னு வைங்க, கணக்குல வர்றது வெறும் 21,000 கோடி. அதே மதிப்புல ஒரு பேங்குக்கு ப்ரமோட்டரே இல்லன்னா 6 லட்சம் கோடியும் அப்படியே கணக்குல வரும். எச்டிஎஃப்சி பேங்குக்கு 2023 ஜூலையில தாய் கம்பெனியோட இணைஞ்ச பிறகு ப்ரமோட்டர்னு யாரும் கிடையாது, அதான் வெயிட் அவ்வளவு ஏறி நிக்குது.

இன்னொண்ணையும் நிறைய பேரு மறந்துடுறாங்க, வெயிட் ஒரே இடத்துல நிக்காது. விலை ஏறுனா தன்னால ஏறும், விழுந்தா தன்னால குறையும், யாரும் வந்து மாத்த வேண்டாம். அன்னைக்கு சாயங்காலமே அந்த 13 சதவீதம் 12-க்கு பக்கமா இறங்கியிருக்கும். அதனால மறுநாள் அதே பங்கு அதே 8.5 சதவீதம் விழுந்தாலும் நிஃப்டிக்கு அடி கொஞ்சம் கம்மியாதான் இருக்கும். அதே மாதிரி ஏற்கனவே ஏறிட்டு இருக்க பங்குதான் இண்டெக்ஸ இன்னும் வேகமா இழுக்கும், கொஞ்ச பெரிய கம்பெனிங்க மட்டும் ஓடுற வருஷத்துல நம்ம சின்ன பங்குகள் சும்மா கெடக்க இண்டெக்ஸ் மட்டும் பறக்குறது இதனாலதான். நம்ம தேர்வு தப்போன்னு அப்ப மனசு அடிச்சுக்கும், உண்மையில பாதி விஷயம் வெயிட்தான்.

அப்ப எத பாக்கணும்? விழுந்த அன்னைக்கு ஏறுன பங்கு எத்தன, இறங்குன பங்கு எத்தனன்னு முதல்ல பாருங்க, எக்ஸ்சேஞ்ச் தளத்துலயே இருக்கும். 50-ல 20 பங்கு ஏறியும் நிஃப்டி 2 சதவீதம் விழுந்தா ஒரு பெரிய தல சாஞ்சிருக்குன்னு புரிஞ்சுரும், 45 பங்கு இறங்கியிருந்தா அது வேற கத, அது நெசமாவே மார்க்கெட் பயப்படுற நாள். அப்புறம் நிஃப்டியோட மாத ஃபேக்ட்ஷீட் எடுத்து முதல் பத்து பேரோட வெயிட்ட ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோங்க. புள்ளிய பாக்காதீங்க, சதவீதத்த பாருங்க, நிஃப்டி 5,000-ல இருக்கும்போது விழுற 460-ம் 22,000-ல விழுற 460-ம் ஒண்ணு கெடையாது.

அத்தான் மறுநாள் விக்கல. ஆனா அந்த தாள எழுதும்போது வேற ஒண்ணு மாட்டுச்சு. அவருகிட்ட நிஃப்டி ஃபண்டுல ஒரு லட்சமும், பேங்க் ஃபண்டுல ஒரு லட்சமும் இருந்துச்சு, ரெண்டு வேற வேற இடத்துல பிரிச்சு போட்டுருக்கோம்ங்குற நிம்மதியில இருந்தாரு. அந்த பேங்க் ஃபண்டு பின்தொடர்றது பேங்க் பங்குகள் மட்டும் உள்ள பேங்க் நிஃப்டிய, அதுல அதே எச்டிஎஃப்சி பேங்குக்கு அப்ப கால்வாசிக்கும் மேல வெயிட். ரெண்டையும் சேத்து பாத்தா 2 லட்சத்துல 38 ஆயிரத்துக்கு மேல ஒரே கம்பெனியில கெடக்கு. ரொம்ப நேரம் அந்த தாளையே பாத்துட்டு இருந்தவரு, "இத ஆரும் சொல்லலியே மாப்ள"ன்னாரு. அந்த மாசத்துல இருந்து பேங்க் ஃபண்டுக்கு போற தவணைய மட்டும் நிறுத்திட்டாரு.